ஊசிச் சத்தம் கேட்ட சூப்பர்வைசர்

பனியன் துணியில் ஊசி போடும் ஓட்டை தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. துணி ஒழுங்காகக் கிடக்கும், தையலும் நேராக ஓடியிருக்கும். செக்கிங் மேசையில் விரித்துப் பார்க்கும்போதுகூடப் பல நேரம் தப்பிவிடும். அயர்ன் டேபிளில் நீராவி பட்டு, துணியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால்தான் தையலை ஒட்டிக் கடுகைவிடச் சிறிய துளை ஒன்று வாய் திறக்கும். வாங்கியவர் வீட்டில் நான்கு முறை துவைத்தால் அது விரல் நுழையும் அளவுக்கு விரியும்.

இந்தக் கதை அப்படிப்பட்ட துளைகளைப் பற்றியது. அவற்றுக்காக இருபது டெய்லர்களை இரண்டு வாரம் திட்டித் தீர்த்த ஒரு லைன் சூப்பர்வைசரைப் பற்றியது. கதை என்று சொல்லித்தான் எழுதுகிறேன். அதனால் அவருக்கும் கம்பெனிக்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் இதில் வரும் ஊசியும் துணியும் திட்டும் திருப்பூரில் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரை எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் பார்க்கக்கூடியவை.

நம் சூப்பர்வைசருக்கு வயது நாற்பதுக்குள். கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, டெய்லராகி, பிறகு லைனுக்குப் பொறுப்பேற்றவர். வேலை தெரியாதவர் அல்ல. அவரைத் திட்டி வளர்த்தவர்கள் அவருக்கு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் திட்டும் வேலையும் ஒன்றாகவே அவருக்குள் படிந்துவிட்டன. போதாததற்கு லைனில் இருபது மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் குரலை உயர்த்தித்தான் எதையும் சொல்ல முடியும். சத்தமாகப் பேசுவது எந்த இடத்தில் கத்துவதாக மாறுகிறது என்று அங்கே யாருக்கும் பிரித்துத் தெரிவதில்லை.

அவர் தலைக்கு மேல் ஒரு போர்டு. ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ் வெளியே வந்தது என்று அதில் எழுத வேண்டும். ஒரு சாதாரண ரவுண்டு நெக் டி-ஷர்ட்டைத் தைத்து முடிக்க மொத்தம் 6 நிமிட வேலை என்று வைத்துக்கொள்வோம். இருபது டெய்லர்கள் ஒரு மணி நேரத்தில் தருவது 1,200 நிமிடம். கணக்குப்படி 200 பீஸ் வர வேண்டும். நூல் அறுவது, பண்டல் வரத் தாமதமாவது, ஒருவர் கையில் வேலை குவிந்து அடுத்தவர் சும்மா இருப்பது எல்லாம் போக 120 வந்தால் சுமாரான லைன். அந்த 120-தான் அவருடைய டார்கெட். போர்டில் 98 என்று விழுந்தால் புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைக் கேட்பார். அவர் லைனைக் கேட்பார்.

கத்தினால் வேலை நடக்கிறது என்பது அவருடைய அனுபவம். அது பொய்யான அனுபவம் அல்ல. போர்டில் 98 விழுந்ததும் கத்தினார், அடுத்த மணியில் 117 வந்தது. போன வாரமும் அப்படித்தான். நன்றாகப் போன ஒரு மணியில், "பரவால்லயே, இப்படியே போங்க" என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த மணியில் 109-க்கு இறங்கியது. பாராட்டினால் தலையில் ஏறிக்கொள்கிறார்கள், திட்டினால் கை ஓடுகிறது. இருபது வருட அனுபவம் அவருக்குச் சொன்னது இதுதான்.

இதே முடிவுக்கு வந்த வேறு சிலரைப் பற்றி டேனியல் கானமன் எழுதியிருக்கிறார். 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் அவர். இஸ்ரேல் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஒரு பயிற்சியாளர் எழுந்து, மாணவன் நன்றாக விமானம் ஓட்டியதும் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியதும் கத்தினால் அடுத்த முறை திருந்துகிறான் என்றாராம். அங்கே நடப்பது பாராட்டின் விளைவும் அல்ல, கத்தலின் விளைவும் அல்ல என்று கானமனுக்குப் புரிந்தது. யாராக இருந்தாலும் வழக்கத்தைவிட மிக மோசமான ஒரு முறைக்குப் பிறகு வழக்கத்துக்குத்தான் திரும்புவார்கள். மிக நல்ல ஒரு முறைக்குப் பிறகும் அப்படியே. மோசமான முறைக்குப் பின்னால் நாம் கத்துவதால், தானாக வரும் முன்னேற்றம் கத்தலின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நம் லைனில் நடந்ததும் அதுதான். நாள் சராசரி 110 என்றால் 98-க்குப் பிறகு பெரும்பாலும் ஏறத்தான் செய்யும், 121-க்குப் பிறகு பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் போர்டில் ஏறக்குறைய அதே எண்கள்தான் விழுந்திருக்கும். கத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்களை அந்தப் பழக்கத்தில் கட்டிப்போட்டிருப்பது இந்தப் போர்டு தரும் பொய்யான சான்று என்று நான் நினைக்கிறேன். அது ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குச் சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

துளைகளுக்கு வருவோம். நேவி ப்ளூ நிறத்தில் ஒரு ஆர்டர். மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணி. இரண்டாவது வாரத்தில் அயர்னிங்கிலிருந்து டேமேஜ் திரும்பி வர ஆரம்பித்தது. நூறு பீஸுக்கு எட்டு. எல்லாம் சைடு சீமிலும் தோளிலும். அந்தத் தையலைப் போடுகிறவர்கள் நாலைந்து ஓவர்லாக் டெய்லர்கள்தான். சூப்பர்வைசர் டேமேஜ் பீஸ்களை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் மெஷின் மேல் வீசினார். "கண்ணு எங்க இருக்குது? தூங்கறதுன்னா வீட்ல போய்த் தூங்குங்க!"

மறுநாள் டேமேஜ் நூறுக்கு மூன்றாகக் குறைந்தது. அவருக்குத் திருப்தி. உண்மையில் அன்று துளை குறையவில்லை. தைத்து முடித்ததும் சந்தேகம் வந்த பீஸைப் பண்டலின் நடுவில் செருக டெய்லர்கள் பழகிவிட்டார்கள். செக்கிங்கில் இருந்த பெண்ணும் அந்தத் திட்டைக் கேட்டவள்தான். யாரையும் மாட்டிவிட அவளுக்கு மனசு வரவில்லை. பேக்கிங்குக்கு முந்தைய கடைசிச் சோதனையில் ஒரே பெட்டியில் பதினாறு பீஸ் மாட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கத்தும் லைனில் கோளாறு குறையாது, கோளாறு பற்றிய செய்திதான் குறையும். ஒரு லைனில் டேமேஜ் திடீரென்று விழுந்து, கடைசிச் சோதனையில் மட்டும் ஏறினால், அங்கே யாரோ எதையோ சொல்லப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வாரச் சம்பள நாளில் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் கணக்கு முடித்துக்கொண்டார். நான்கு வருடம் இருந்தவர், கை சுத்தமானவர். வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளமா என்று கேட்டால், இல்லை, இதே சம்பளம்தான். சூப்பர்வைசர் கேட் வரைக்கும் போய்க் கேட்டார். அந்த அம்மா தயங்கவில்லை. இனி இவரிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லை.

"அந்த மெஷின்ல ஊசிச் சத்தம் மாறி ரெண்டு வாரமாச்சுங்ணா. துணிய குத்தறப்ப டொக்கு டொக்குன்னு கேக்குது. மழுங்கிருச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஊசி மாத்தணும்னா ஸ்டோருக்குப் போகோணும். கால் மணி நேரம் மெஷின் நிக்கும். ஏன் நிக்குதுன்னு நீங்க கத்துவீங்க. நான் எதுக்குங்ணா வாயக் குடுக்கோணும்?"

இந்தக் கால் மணி நேரத்தை விளக்க வேண்டும். ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிகளில் ஊசியை டெய்லர் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. உடைந்த ஊசித் துண்டு ஒன்று குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் வாங்கும் நிறுவனங்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். அதனால் பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். உடைந்திருந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுத வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த இடத்திலிருந்த பீஸ்களைத் தனியாக ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஊசிப்பெட்டி மாடியிலும் லைன் கீழேயும் இருந்து, மெஷின் நின்றால் திட்டும் விழும் என்றால், மழுங்கிய ஊசியோடு தைத்துக்கொண்டே இருப்பதுதான் டெய்லருக்குப் புத்திசாலித்தனமான முடிவு.

பின்னலாடைக்கு வரும் ஊசியின் முனை கூர்மையாக இருக்காது, சின்னப் பந்துபோல் உருண்டிருக்கும். நூலைக் குத்தாமல், இரண்டு நூலுக்கு நடுவே ஒதுக்கிக்கொண்டு இறங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். முனை தேய்ந்தோ மடங்கியோ போனால் அது நூலை ஒதுக்காமல் அறுக்கும். பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் மெல்ல அவிழும். துளை தைத்த அன்று தெரியாமல் பிறகு தெரிவதற்குக் காரணம் அதுதான். முனை கெட்டிருக்கிறதா என்று பார்க்க, ஊசியைப் பழைய நைலான் துணி ஒன்றின் மேல் லேசாக இழுத்தால் போதும். இழை மாட்டினால் ஊசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். காது பழகிய டெய்லருக்கு அந்தச் சோதனைகூடத் தேவையில்லை.

சூப்பர்வைசரும் ஒரு காலத்தில் ஓவர்லாக் ஓட்டியவர், அந்தச் சத்தம் அவருக்கும் தெரியும். ஆனால் லைனில் அவர் குரல்தான் எப்போதும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, "யாருக்காவது ஏதாவது பிரச்சனை இருந்தாச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்றார். ஒருவரும் பேசவில்லை. கேட்பது என்று முடிவெடுத்த பலர் இந்த இடத்தில்தான் தோற்று, "இவங்ககிட்டக் கேட்டும் பிரயோசனமில்லை" என்று பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். இருபது பேர் முன்னால், டார்கெட் மணியில், நேற்று வரை மெஷின் மேல் துணியை வீசியவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அவர்கள் பேசாதது பிடிவாதமும் அல்ல.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஹாத்தார்ன் என்ற பெரிய தொலைபேசிச் சாதன ஆலையில் அதைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1928-லிருந்து 1930 வரை அந்த ஆலை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசிப் பார்த்தது. அங்கே கிடைப்பதை வைத்து சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நோக்கம். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். வெளிச்சம் எப்படி, மேலாளர் எப்படி என்று கேட்டால், தொழிலாளர்கள் ஒரு வரி பதில் சொல்லிவிட்டுத் தாங்கள் பேச நினைத்த வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பட்டியலுக்கு அவர்களை இழுத்து வருவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு பட்டியலை விட்டுவிட்டு, பேசுபவர் போகும் வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தார்கள். குறுக்கே பேசக் கூடாது, வாதம் செய்யக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. அரை மணி நேரத்தில் முடிந்த பேச்சு ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது.

பனியன் கம்பெனியில் ஒன்றரை மணி நேரத்துக்கு வழியில்லை. நம் சூப்பர்வைசருக்குக் கிடைத்தது காலை முதல் மணியில், பண்டல்கள் லைனில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு மெஷினுக்கு ஐந்து நிமிடம். அதிலும் ஒரு சிக்கல். லைனில் பெரும்பாலோர் பெண்கள். ஆண் சூப்பர்வைசர் தினமும் ஒரு பெண்ணின் பக்கத்தில் குனிந்து நின்று பேசினால் அதற்கு வேறு பேச்சு கிளம்பும், பாதிக்கப்படுவது அந்தப் பெண்தான். அதனால் எல்லோருக்கும் தெரியும்படி பண்டல் மேசை ஓரமாக நின்று, பக்கத்துப் பக்கத்து மெஷின்காரர்கள் இருவரிடம் சேர்த்தே பேசினார்.

கேள்வியையும் மாற்றினார். "ஏன் இப்படித் தைச்சீங்க?" என்று கேட்டால் பதிலாக வருவது சாக்குத்தான். "இந்த பீஸ்ல எந்த இடம் கையப் புடிக்குது?" என்று கேட்டால் பதில் வேலையைப் பற்றி வருகிறது. பதில் வந்ததும் இடையில் புகுந்து, "அது அப்படி இல்லைங்க, இப்படிப் புடிங்க" என்று சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. வேலை தெரிந்தவருக்கு நாக்கு நுனியிலேயே விடை நிற்கும். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். எழுதும்போது பேச முடியாது. எதிரில் இருப்பவருக்கும் தான் சொன்னது ஒரு இடத்தில் பதிவாகிறது என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் தோள் தைக்கும் மெஷினுக்கு வந்தார். ஒடிசாவிலிருந்து வந்த பையன். வந்து ஒரு வருடமாகியும் சூப்பர்வைசர் அவனிடம் சொன்னது "ஜல்தி ஜல்தி" மட்டும்தான். அவனிடம் அதே கேள்வியைக் கையால் காட்டிக் கேட்டார். அவன் எதுவும் சொல்லாமல் இரண்டு துணித் துண்டுகளை எடுத்தான். ஒன்று போன வாரத்தியது, இன்னொன்று இந்த வாரத்தியது. முதல் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டி, சூப்பர்வைசரிடம் நீட்டினான். பிறகு இரண்டாவதை நீட்டினான். "பையா, இது காஞ்ச துணி." சூப்பர்வைசர் தேய்த்துப் பார்த்தார். முதல் துண்டு விரலில் வழுக்கியது, இரண்டாவது பிடித்தது.

சாயம் போட்ட துணிக்குக் கடைசியில் மென்மையாக்கும் மருந்து கொடுப்பார்கள். அது சரியாக ஏறாவிட்டால் நூல்கள் ஒன்றோடொன்று உரசி இறுகும். ஊசி இறங்கும்போது வழிவிட்டு நகராமல் அறுந்து போகும். அடர்ந்த நிறங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அப்படியானால் குற்றம் ஊசியா, துணியா?

அன்று மாலை டீ நேரத்தில் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் ஒரு சோதனை செய்தார். பழைய லாட் துணியிலும் புதிய லாட் துணியிலும் பத்துப் பத்துக் கீற்றுகளாக வெட்டி, ஊசியை மாற்றி மாற்றி ஓட்டி, அயர்ன் போட்டு, குறுக்கே இழுத்து, ட்யூப் லைட்டுக்கு எதிரில் பிடித்துப் பார்த்தார்கள். மழுங்கிய ஊசி பழைய துணியில் பத்துக்கு ஒன்றில் துளை போட்டது, புதிய துணியில் ஆறில் போட்டது. அதே 75-ஆம் நம்பரில் புது ஊசி மாட்டியதும் பழைய துணி சுத்தமாக வந்தது. புதிய துணியில் அப்போதும் இரண்டு துளை இருந்தது. கடைசியாக 65-ஆம் நம்பர் ஊசி மாட்டினார்கள். ஊசி நம்பர் என்பது அதன் தடிமன்தான், 75 என்றால் 0.75 மில்லிமீட்டர். மெல்லிய ஊசியில் புதிய துணியிலும் ஒரு துளைகூட விழவில்லை.

ஊசியும் காரணம், துணியும் காரணம். இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன. சத்தம் மாறியதை வேலையை விட்டுப் போன அம்மா சொன்னார், துணி காய்ந்ததைத் தோள் தைக்கும் பையன் சொன்னான். இரண்டு வாரமாக இரண்டு பேரிடமும் பாதிப் பாதி விடை இருந்திருக்கிறது. டெய்லர்களின் கவனக்குறைவு இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பது சூப்பர்வைசரை உறுத்தியது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா தன் ஆலைகளின் சூப்பர்வைசர்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தது. அதில் ஆட்களோடு பழகுவதற்கென்று ஒரு பாடம் உண்டு, தலா இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். ஒரு தகராறு வந்தால் முதலில் விவரங்களைச் சேர்க்க வேண்டும், அதில் சம்பந்தப்பட்டவரின் எண்ணமும் ஒரு விவரம்தான். பிறகு எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும், செயலில் இறங்க வேண்டும், கடைசியில் விளைவைச் சரிபார்க்க வேண்டும். போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முழுக் கதையும் கைக்கு வரும் முன் முடிவுக்குப் பாயாதே என்பதுதான் அதன் சாரம். நம் சூப்பர்வைசர் இந்தப் பாடத்தைப் படித்தவர் அல்ல. டேமேஜ் பீஸை வீசிய அன்று அவர் கையில் இருந்தது கதையின் கடைசிப் பக்கம் மட்டும்தான் என்று அவருக்கு இப்போது தெரிந்தது.

செய்த மாற்றங்கள் சின்னவை. புதிய லாட் துணியில் தோளுக்கும் சைடு சீமுக்கும் 65-ஆம் நம்பர் ஊசி. கழுத்து ரிப் போன்ற தடித்த இடங்களில் மெல்லிய ஊசி வளைந்து உடையும் என்பதால் அங்கே 75 அப்படியே இருந்தது. ஊசிப்பெட்டியும் ரெஜிஸ்டரும் மாடியிலிருந்து இறங்கி லைன் தலைப்பில் ஒரு பூட்டிய டிராயருக்கு வந்தன. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் விதியில் எந்தத் தளர்வும் இல்லை, நடை மட்டும் மிச்சம். ஓவர்லாக் மெஷின்களில் கெட்டதோ இல்லையோ தினமும் காலையில் புது ஊசி. ஊசி மாற்றுவதற்காக மெஷின் நின்றால் அதை டெய்லரின் கணக்கில் எழுதக் கூடாது. துணி பற்றி டையிங் யூனிட்டுக்குச் செய்தி போனது. மூன்றாவது வாரத்தில் டேமேஜ் நூறுக்கு இரண்டுக்கு வந்தது, கடைசிச் சோதனையிலும் அதே இரண்டு. இரு இடத்திலும் ஒரே எண் வந்ததுதான் அவருக்கு நிம்மதி தந்தது.

உற்பத்தி ஒன்றும் பறக்கவில்லை. 110 சராசரி 115 ஆனது, அவ்வளவுதான். கேட்கத் தொடங்கிய லைன் மறுநாளே இருமடங்கு தைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேட்டதும் எல்லாம் தீர்ந்துவிடவும் இல்லை. மேற்குச் சுவரோரம் மதியத்துக்கு மேல் வெக்கை தாங்கவில்லை, இன்னொரு ஃபேன் வேண்டும் என்றார்கள். அது அவர் கையில் இல்லை. மேலே கேட்டார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அதை அப்படியே மறுநாளே வந்து சொன்னார். "ஆகாதுன்னாலும் வந்து சொல்லீட்டாருல்ல" என்று ஒருவர் பக்கத்தில் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாரத்தில் இரண்டு நாள் சொல்லாமல் நின்றுவிடும் ஒரு டெய்லரிடமும் பொறுமையாகப் பேசினார். அவர் மாறவில்லை, கடைசியில் எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஷிப்மென்ட் வாரத்தில், ஒன்றரை ஷிஃப்ட் முடிந்தும் பெட்டி நிறையாத ஒரு ராத்திரியில், அவர் குரல் பழையபடி உயர்ந்தது. மறுநாள் காலை பண்டல் மேசைக்கு வந்தபோது இரண்டு பேர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களைப் பேச வைக்க ஒரு மாதம் ஆனது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சூப்பர்வைசர் மனம் வைத்தால் கேட்பார், வைக்காவிட்டால் கத்துவார் என்ற நிலையில் தொழிலாளியை விட்டுவிடுவது நியாயம் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் லைனுக்குள் இருந்து, வசவையும் தொல்லையையும் கவனித்து எடுத்துச் சொல்வது அதில் ஒரு பகுதி. கெட்ட வார்த்தையால் திட்டுவது லைனில் சகஜம் என்று எடுத்துக்கொள்ளப்பட்ட காலத்துக்கு அது ஒரு முட்டுக்கட்டை. நல்ல சூப்பர்வைசர் ஒருவர் இருப்பதால் இப்படிப்பட்ட ஏற்பாடு தேவையில்லை என்று ஆகிவிடாது.

கேட்பதே ஒரு பயன் தரும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலிருந்தும் சான்று உண்டு. கர்நாடகத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில், தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சம்பள உயர்வு வராத ஒரு சமயத்தில், பொருளாதார ஆய்வாளர்கள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வேலையைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் பெயர் தெரியாமல் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள். வாய்ப்புக் கிடைத்தவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு, லீவும் குறைவு. அதிக ஏமாற்றத்தில் இருந்தவர்களிடம்தான் இது நன்றாகத் தெரிந்தது. ஆனால் கேட்டுக் கேட்டு எதையும் செய்யாமல் விட்டால் அந்தப் பயன் எத்தனை நாள் தாங்கும்? நம் லைனில் ஊசிப்பெட்டி மாடியிலேயே இருந்திருந்தால், நோட்டில் எழுதுவதை நான்காவது வாரத்தில் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

மாதக் கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். மேசை மேல் ஸ்டோர் கணக்கு விரிந்திருந்தது.

"உங்க லைன்ல மட்டும் ஊசிச் செலவு மூணு மடங்கு ஏறியிருக்கு. என்ன பண்றீங்க?"

சூப்பர்வைசர் ஊசி ரெஜிஸ்டரையும் டேமேஜ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு ஊசியின் விலை என்ன, ஒதுக்கிய ஒரு டி-ஷர்ட்டுக்குத் துணி, சாயம், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு போயிருக்கும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினார். கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மேனேஜர் இரண்டு தாளையும் ஒரு முறை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு ஸ்டோர் கணக்கைத் தன் பக்கம் திருப்பி, அடுத்த லைனின் வரியில் விரலை வைத்தார்.

"அப்படின்னா இந்த லைன்ல மாசம் பூரா நாலே ஊசிதான் மாத்தியிருக்காங்க. அந்த சூப்பர்வைசரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."